ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய இரண்டு ஸ்பிரிங்

ஓய்வு பெறும் நாளில் கல்லூரிக்காரர்கள் சுவர்க்கடிகாரத்தை நீட்டியபோது, இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்த அவள், "கடிகாரம் வீட்டுல ஓடுதுங்க. அந்த ரெண்டு ஸ்பிரிங்கைக் குடுத்தா போதும்" என்றாள். கூட்டம் சிரித்தது. துறைத்தலைவர் மட்டும் சிரிக்காமல் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தாறு வருடம் அந்த ஸ்பிரிங்குகளைப் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தவள் அவள். ஒவ்வொன்றும் இருநூறு கிராமுக்கு ஒரு சென்டிமீட்டர் நீளும். மூன்று கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் இழுபட்டபடியே நின்றுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் மாணவர்கள் எடைக்கல்லைத் தொட்டாலே அவள் ஓடி வந்துவிடுவாள். "மெதுவாப்பா! அது ஸ்பிரிங்கு, ரப்பர் இல்ல" என்று கத்துவாள். பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்பிரிங் அக்கா.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே அவர் கோபமா குஷியா என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவாள். அவள் ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முன்பு அந்தச் சத்தம் ஒருநாள் நின்றது. பக்கவாதம், வலது கை.

நான்கு மாதம் கழித்து மருத்துவமனையில் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னாள். முன்கையைத் துணித்தூளியில் வைத்து ஸ்பிரிங்கில் தொங்கவிட வேண்டும், கையின் கனத்தை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும், அவர் கீழ்நோக்கி அழுத்திப் பழக வேண்டும். அவள் துறைத்தலைவரிடம் கேட்டு ஆய்வக ஸ்பிரிங்குகளில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் கை கிடந்த தூளியைத் தொங்குதராசில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு கிலோ இழுத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். ஆளுக்கு ஒரு கிலோ, ஆளுக்கு ஐந்து சென்டிமீட்டர். ஸ்பிரிங்குக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பழக்கதோஷம், அவளுக்கு ஸ்பிரிங் பத்திரமாக இருந்தால் போதும்.

அவர் பல்லைக் கடித்து அழுத்தினார். கை அசைந்ததாகவே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை ஒரு வாரம் அழுத்தினார்.

"போதும். ஞாயித்துக்கிழமை உன் தம்பியை வரச் சொல்லு. மிஷினைத் தூக்கிட்டுப் போகட்டும்."

"இன்னும் பத்து நாள் பாக்கலாங்க."

"செத்த கைக்கு எதுக்குடி மிஷினு?"

மிஷின் போனால் மனுஷனும் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். அழுதால் அவர் உடைந்துபோவார் என்று அழாமல் இருந்தாள்.

மறுநாள் செய்முறை வகுப்பு. அலமாரியில் மீதியிருந்த ஸ்பிரிங்குகளில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"அக்கா, நூறு கிராம் வச்சா முள்ளு நகர்றதே தெரியல. ஸ்பிரிங் கெட்டுப்போச்சா?"

"அது கெடலம்மா. பக்கத்துல பக்கத்துல மாட்டினா ஒரு சென்டிமீட்டருக்கு நானூறு கிராம் வேணும். நூறுக்குக் கால் சென்டிமீட்டர்தான். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு மாட்டு, அதே நூறுக்கு ஒரு சென்டிமீட்டர் முழுசா..."

பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த எடைப்பெட்டியை மாணவியிடம் கொடுத்துவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினாள். இப்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் முழு இரண்டு கிலோவையும் தாங்க வேண்டும். தாங்கட்டுமே, மூன்று கிலோ வரை தாங்குமே! ஒவ்வொன்றும் பத்து, மொத்தம் இருபது சென்டிமீட்டர் நீண்டது. தாழ்ந்துபோன தூளியை மேலே கயிற்றைச் சுருக்கி, மேசை உயரத்துக்குக் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தினாள்.

"அழுத்துங்க."

"ஸ்பிரிங்கை மாத்திட்டியா?"

"அதே ஸ்பிரிங்குதான். அழுத்துங்களேன்!"

அழுத்தினார். தூளி ஒரு சென்டிமீட்டர் இறங்கி ஏறியது. அவர் அளவுகோலையே பார்த்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி இறங்கியது.

"நேத்தும் இதே பலந்தாங்க உங்ககிட்ட இருந்துச்சு," என்றாள். "நான்தான் மாட்டத் தெரியாம மாட்டிட்டேன். ஸ்பிரிங்குக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்தேன், உங்களைப் பாக்கல." அப்போதுதான் அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான், டீ குடித்தான், வெறுங்கையோடு போனான். கையில் பலம் ஏற ஏற, இரண்டு மாதத்தில் அதைவிட விறைப்பான ஒற்றை ஸ்பிரிங், மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில். அதையும் ஒரு சென்டிமீட்டர் இறக்கிய அன்று அவர் மிஷினில் போய் உட்கார்ந்தார். முதலில் தைத்தது ஒரு சின்னப் பை, உள்ளே இரண்டு அறை. தையல் பாம்பு போல வளைந்திருந்தது.

"ஆளுக்கொரு அறை," என்றார். "பத்திரமா கொண்டுபோய்க் குடு."

ஆய்வக அலமாரியில் அந்தப் பையிலேயே அவை இருந்தன. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. கடிகாரத்தை மறுத்த அன்று மாலை, வீட்டில் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பையை மட்டும் மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் கோணல் தையலை விரலால் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.