காலியாக விட்ட இடம்

திருத்தணியில் பதினோரு வருடமாக டிடிபி கடையில் கண் பூத்துப்போன தேவசேனாவிடம், வேளாண் அதிகாரி ஒருவர் விவசாயிகள் கூட்டத்துக்கான ஸ்லைடை அடித்துத்தரக் கொடுத்தார். ஒற்றை நாற்று நடவு பற்றிப் பதினேழு பாயிண்ட், எறும்புச் சாரை மாதிரி.

அவள் அதை நான்கு சின்னப் படங்களாக்கினாள். இளநாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, குறைந்த தண்ணீர். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொல், சுற்றிலும் வெள்ளை.

ஜெராக்ஸ் எடுக்க வந்த விவசாயி கண்ணையன் எழுதப் படிக்கத் தெரியாதவர். திரையை எட்டிப் பார்த்தார்.

"சின்ன நாத்து, ஒண்ணொண்ணா, சதுரமா நடணும். தண்ணி கொஞ்சமா வுடணும். அவ்ளோதானம்மா?"

"ஆங், அவ்ளோதாங்க."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ எடம் காலியா இருக்குதே. மீதியையும் போட்டுடும்மா."

வழக்கம்தான். தேவசேனா படங்களை ஓரமாகச் சுருக்கிப் பதினேழையும் அடித்து முடித்தாள்.

கண்ணையன் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இப்ப இன்னாம்மா எழுதியிருக்குது?"