டேங்க் – 2

எட்டுப் பேர் கொண்ட சின்னப் படக்குழு எங்களுடையது. கலைப்பிரிவுக்கு நான் ஒருத்திதான். இடைசெவல் பக்கம் ஒரு பருத்திக்காட்டில் அன்று படப்பிடிப்பு. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து அடுக்கும்போது ஒவ்வொரு சாமானாக லிஸ்டில் டிக் அடித்தேன். சும்மாடு, தூக்குவாளி, கண்ணாடி வளையல் ஒரு டஜன், மருந்தடிக்கிற டேங்க் 2.

ஒரு டேங்க் காட்டுக்காரருடையது. காலையில் தூரக் காட்சிக்காக அதை அவரே முதுகில் மாட்டி, நிஜமாகவே பூச்சிமருந்தடித்துவிட்டு, தார்ப்பாயில் இறக்கி வைத்தார். மற்றது நான் வாங்கிய புது டேங்க். இரண்டும் ஒரே டேங்க்போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, புதியதில் கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசி, பழைய துணி வாரும் கட்டியிருந்தேன். அதில் வெறும் தண்ணீர்தான். வேலை முடிந்து டேங்க்கைக் கழுவும் கணவன் விளையாட்டாக மனைவி முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் அடுத்த காட்சி.

நடிகை அக்காவுக்கு வளையல் மாட்டிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து, லிஸ்டைச் சரிபார்த்தேன். தார்ப்பாயில் ஒரு டேங்க் இருந்தது. இன்னொன்றை உதவி இயக்குநர் எடுத்துப் போயிருந்தார். எது என்று லிஸ்டில் இல்லை. எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது.

மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே தெளிந்த தண்ணீர்.

அப்படியென்றால் அங்கே போயிருப்பது மருந்து டேங்க். ஐம்பதடி தள்ளி நடிகர் நெம்புகோலை அடித்துக் காற்றேற்றிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தபடி முகத்தை நீட்டி நின்றார். கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பருத்திச்செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி, குழல் முனையை இரண்டு கையாலும் பொத்தினேன். வெள்ளையாக ஏதோ என் விரலிடுக்கில் பீறிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த வாடை எல்லோருக்கும் எட்டியது.

காட்டுக்காரர் ஓடிவந்து டேங்க்கைப் பிடுங்கினார். "இது என் டேங்க்குல்லா? அரை டேங்க் மருந்து கெடக்கே. ஏம்மா, இங்கன நிக்காத, மொதல்ல கையக் கழுவு."

கிணற்று மோட்டார் தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். விரல் எரிந்ததைவிட, அக்காவின் கண்கள்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தன. டிக் அடித்தது நான். டேங்க் என்று எழுதியதும் நான். உதவி இயக்குநர் மன்னிப்புக் கேட்டபோது, லிஸ்டை எடுத்து அவரிடம் காட்டினேன். இயக்குநர் அரைமணி நேரம் வேலையை நிறுத்தினார். காட்டுக்காரர் தன் டேங்க்கை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். லிஸ்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'புது டேங்க், தண்ணீர் மட்டும்' என்று எழுதினேன்.

மறுபடி காட்சிக்கு நின்றபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"முதல்ல உன் மூஞ்சில அடிச்சுக் காட்டுறியாம்மா?"

குழலை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தேன். நான் நிரப்பிய தண்ணீர். நானே திறந்து பார்த்த தண்ணீர். அப்படியும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சை அடக்கித்தான் விசையை அழுத்தினேன்.