கடைச் சரக்குக்குச் சான்று கேட்ட கடிதம்

போடி பஜாரில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர்களில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான். மற்றவர்கள் படித்தவர்கள், இல்லையென்றால் அப்பன் போட்ட கடையில் வந்து உட்கார்ந்தவர்கள். நான் மூடை சுமந்தேன். பிறகு சல்லடை பிடித்தேன். பிறகு பத்து மூடை சொந்தமாக வாங்கினேன். காயைக் கையில் அள்ளியதும் அது எந்தப் பக்கத்து மலைக் காய், சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஏலத்தில் நான் ஒரு லாட்டை எடுத்தால், 'அவரே எடுத்துட்டாரா' என்று பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அப்படிப்பட்ட எனக்கு, கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா ஒரு கடிதம் அனுப்பினார். சும்மா இல்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபால். அவருக்குத் தேனி பஜாரில் பெயிண்ட் கடை. வீட்டுக்காரர் இறந்தபின் கடையையும் கட்டடங்களையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார். தமிழில் டைப் அடித்த கடிதம் என்பதால் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பதினோரு மாத ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது; கடைக்குள் இருக்கும் சரக்குகளுக்கும் தளவாடங்களுக்கும் தீ, தண்ணீர், திருட்டு ஆகியவற்றுக்கான காப்பீடு இருப்பதற்குச் சான்று கொடுத்த பிறகே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருடமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே பேச்சுத்தான்.

"கேட்டா என்ன? இருந்தாக் காட்டுங்க, இல்லைன்னாப் போடுங்க. இதுக்கெதுக்குச் சோத்துத் தட்டத் தள்ளிவிடுறீக?" என்றாள் என் மனைவி.

"இல்லாம என்ன? கடன் குடுத்த பேங்க்காரனே வருசா வருசம் என் கணக்குல பிடிச்சுக் கட்டிட்டு வர்றான்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீகளா?"

"பேங்க்ல உக்காந்திருக்கவன் பாக்காமலா கட்டுவான்?"

"இங்கிலீஷ் படிச்ச மருமக வீட்டுல இருக்கா. ஒரு தடவ அவகிட்டக் காட்டுனா என்ன, கிரீடம் எறங்கிருமா?"

நான் காட்டவில்லை. மறுநாள் பேங்கில் பாலிசியின் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகத் தேனிக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் கார் நிற்கிறது. ஆனாலும் கோபத்தோடு போகும்போது பஸ்தான் எனக்குச் சரிப்படும்.

"வாங்கண்ணாச்சி. ஒரு போன் பண்ணியிருந்தா நானே போடிக்கு வந்திருப்பேன்ல," என்று நாற்காலி போட்டார் அந்த அம்மா.

"போன்ல பேசுற விசயமாம்மா இது? ஆறு வருசத்துல என் வாசலுக்கு வாடகை கேட்டு ஒரு ஆள் அனுப்பியிருப்பீகளா? என்னயப் போயி தபால்காரன்கிட்டக் கையெழுத்துப் போட வச்சுட்டீகளே."

"ஒங்களுக்கு மட்டுமா போட்டேன்? என் கட்டடத்துல இருக்க அம்புட்டுக் கடைக்கும் அதே காயிதம்தான். பெரியகுளத்துக் கட்டடத்துல மொட்டமாடித் தொட்டி வெடிச்ச கதை தெரியும்ல? கீழ துணிக்கடைல சேலை பூராம் நனைஞ்சு போச்சு. கடைக்காரரு பொண்டாட்டி பிள்ளையோட இங்கன வந்து உக்காந்துட்டாரு, சேலைக்கெல்லாம் நீங்கதான் பொறுப்புன்னு. இன்சூரன்ஸ்ல போயிக் கேட்டேன். ஒங்க பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தாம்மா, உள்ள இருக்க சரக்குக்கு அவருல்ல எடுத்திருக்கணும்னு சொல்லிட்டாக. அவரு எடுக்கவே இல்ல. பாவம், அவரும் எந்திரிக்கல, நானும் இன்னும் முழுசா எந்திரிக்கல."

நியாயம்தான் என்று பட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "என்கிட்டக் கேக்குறீகளே, கட்டடத்துக்கு ஒங்ககிட்ட இருக்கா? மொதல்ல அதக் காட்டுங்க" என்றேன்.

கலர் அட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை உருவி, என் கட்டடத்துத் தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நடப்பு வருடத்துப் பாலிசி. நான் என் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் மேலிருந்து விரல் வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அண்ணாச்சி, இது எந்தக் கடைக்கு?"

"என் கடைக்குத்தான்."

"கதவு நம்பர் வேறயா இருக்கு. தெருவும் வேற. சந்தைத் தெருன்னு போட்டிருக்கு."

"அது பழைய கடை. ஒங்க கட்டடத்துக்கு வாரதுக்கு முன்னாடி அங்கனதான் இருந்தேன்."

"அங்கன இப்ப என்ன இருக்கு?"

"இடிச்சுட்டாக. டூவீலர் ஸ்டாண்டு போட்டிருக்காக."

"அப்ப ஆறு வருசமா டூவீலர் ஸ்டாண்டுல இருக்க ஏலக்காய்க்கு இன்சூரன்ஸ் கட்டிட்டு வந்திருக்கீக."

பிரைமர் வாங்க வந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "சிரிக்கிற விசயமில்ல இது. சரக்கு எந்த எடத்துல இருக்குன்னு எழுதியிருக்கோ அந்த எடத்துக்குத்தான் குடுப்பாக. நேத்து ஒங்க கடைல தீப் பிடிச்சிருந்தா ஒரு மூடைக்குக்கூட வாங்க முடியாது."

என் சரக்கு முழுவதும் அந்தக் கடையில்தான் இருந்தது. மூடை சுமந்த காலத்திலிருந்து சேர்த்தது அத்தனையும்.

"மாசக் கடைசிக்குள்ள சரியான விலாசத்தோட கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"கொண்டார முடியலைன்னா?"

"பக்கத்து மிளகுக் கடைக்காரரு நடுச்சுவர எடுத்துட்டு ரெண்டையும் சேத்துக்கிறேன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாரு. நீங்க இருக்கதுதான் எனக்குப் பிரியம். ஆனா இந்தத் தாள் இல்லாமக் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவ பட்டுட்டேன் அண்ணாச்சி."

புதுக் காய் இறங்க ஆரம்பிக்கிற நேரம். அந்தச் சமயத்தில் கடையை விட்டால் போடியில் சரக்கு அடுக்க ஈரம் ஏறாத இன்னொரு கிட்டங்கி கிடைக்காது. ஏலக்காய்க்கு ஈரம் பட்டால் நிறமும் போய்விடும், பேரும் போய்விடும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேங்குக்குத்தான் போனேன். கடன் பிரிவில் இருந்த அதிகாரி ஒரு மலையாளத்துப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஐயா, அட்ரஸ் மாத்தச் சொல்லி லெட்டர் ஒண்ணும் ஃபைல்ல இல்லல்லோ" என்றார்.

"லெட்டரா? கடை திறப்பு பூசைக்கு ஒங்க பழைய மேனேஜரே வந்து தேங்கா உடைச்சாரும்மா! நேர்ல சொன்னேன், கேட்டுட்டுக் கேசரியும் சாப்புட்டுத்தான் போனாரு. அதுக்கப்புறம் ஒங்க ஆளுக புதுக் கடைக்குத்தான வந்து மூடைய எண்ணிட்டுப் போறாக? அப்ப ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?"

அவர் சரக்குப் பரிசோதனை ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் புதுக் கடை விலாசம்தான். அவர் முகம் மாறியது. "எங்க பக்கமும் தப்பு உண்டு ஐயா. ஆனா நீங்க எழுதித் தந்தா மட்டும்தான் இன்சூரன்ஸ் கம்பெனி மாத்தித் தரும். வாயால சொன்னது அவங்களுக்குச் செல்லாது."

வாயால் சொன்னதை வைத்துத்தான் நான் இவ்வளவு பெரிய வியாபாரம் செய்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் விலை ஏறினாலும் இறங்கினாலும் நான் மாற்றிப் பேசியதில்லை. மற்றவர்களும் என் வார்த்தையை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அதே பழக்கத்தில் இதையும் சொல்லிவிட்டு, முடிந்தது என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அங்கேயே ஒரு தாள் வாங்கி, பழைய விலாசம், புதிய விலாசம், எந்தத் தேதியிலிருந்து சரக்கு இடம் மாறியது எல்லாவற்றையும் என் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு பிரதியில் பேங்க் முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் கூடவே ஒரு கடிதம் இணைத்து இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

விலாசம் திருத்திய மாற்றுத் தாள் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முந்தின வாரம் வரை ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்த அதே கடை. இப்போது சுவிட்சைப் போட்டால் பயம், மேகம் கறுத்தால் பயம். காய் பொறுக்குகிற பெண்கள் உள்ளே வைத்திருந்த கரண்ட் கெட்டிலை வெளியே எடுக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங் முழுவதையும் பார்க்க வைத்தேன். மொட்டைமாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தேன்.

"ஒரு கெட்டிலுக்கு என்ன இம்புட்டுப் பயம் மொதலாளி? நாங்க என்ன வெடியா காச்சுறோம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பேசாமப் பொறுக்காத்தா" என்றேன்.

நான்காம் நாள் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். கூரை கான்கிரீட்டா தகரமா, பக்கத்தில் என்ன கடை, பூட்டு எப்படி என்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"தம்பி, போன ஆறு வருசத்துக்கும் சேத்து மாத்திக் குடுங்க. கட்டியிருக்கேன்ல?"

"முடியாதுங்கய்யா. மாத்திக் குடுக்குற தேதியில இருந்துதான் செல்லும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே, அதுவே பெருசு." மூடைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாலிசியில இருக்க மதிப்பும் பழசா இருக்கு. இன்னைக்கு இருக்க சரக்குல பாதிக்குத்தான் போட்டிருக்கீங்க. பாதிக்குப் போட்டா, கொஞ்சம் சேதமானாலும் அந்தச் சேதத்துலயும் பாதிதான் வரும்" என்றார்.

அதையும் கூட்டச் சொன்னேன். மேல் பணம் கட்டினேன். என் சரக்கைப் பாதி என்று ஒருவன் எழுதி வைத்திருப்பதை நான் எப்படிப் பொறுப்பேன்?

மாற்றுத் தாள் வந்த அன்று, இந்தத் தடவை மருமகளிடம்தான் முதலில் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கதவு எண், தெரு, ஊர், தீ, தண்ணீர்த் தொட்டி வெடிப்பது, திருட்டு எல்லாம் இருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மாவே போடிக்கு வந்தார். தாளை மறுபடியும் விரல் வைத்துப் படித்தார். "இப்பச் சரி" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ஒவ்வொரு வருடமும் பாலிசி புதுப்பித்ததும் நகல் கொடுக்க வேண்டும்.

"மறுபடியும் சந்தேகமா?" என்றேன்.

"ஒங்க மேல இல்ல அண்ணாச்சி, பேங்க் மேல" என்றார். இருவருமே சிரித்துவிட்டோம்.

அதற்கப்புறம் பஜாரில் தெரிந்த வியாபாரிகளிடம் எல்லாம், பாலிசியை எடுத்து விலாசத்தைப் பார் என்று சொன்னேன். படித்தவர்கள்தான். இரண்டு பேருக்குப் பழைய விலாசம். ஒருவருக்கு இறந்துபோன அப்பா பெயர். இன்று வரை அவர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று டீ வாங்கித் தருகிறார்கள்.

இந்த வருடப் பாலிசி சென்ற வாரம் வந்தது. என் கடை விலாசம் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று மருமகள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பேங்க் கவுண்டரிலேயே சீட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும் என்று விட்டேன். பார்த்து முடித்துவிட்டு அப்படியே தேனிக்குப் பஸ் ஏறினேன். கடிதம் போட்டுக் கேட்க அந்த அம்மா யோசிப்பதற்கு முன்னாலேயே, நகல் அவர் மேசை மேல் இருந்தது.