முப்பது திரைகளில் ஒரே கேள்வி

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை உண்டாக்கி, அவற்றில் லினக்ஸ் நிறுவிக் கொடுப்போம். எனக்கு மூத்தவரான சேச்சி ஒவ்வொன்றையும் கையால் நிறுவுவார். மொழி, நேரம், வட்டுப் பிரிவு, கடவுச்சொல் என்று கேள்விக்குப் பதில் சொல்லியே அவருடைய சனிக்கிழமைகள் போயின.

நான் ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பு எழுதினேன். எல்லாப் பதில்களும் அதில் இருக்கும். நிறுவும் நிரல் நெட்வொர்க் வழியாக அதை எடுத்துப் படித்துக்கொள்ளும். ஒரே ஒரு கணினியில் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, வெலிங்டன் தீவிலிருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து முப்பது கணினிகளுக்கு வேலை வந்தது. "சேச்சி, நீங்க போங்க. இனி சனிக்கிழமை உங்களுக்கு லீவுதான்" என்றேன்.

"உறப்பா? நிச்சயம்தானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் முப்பதும் நின்றன. வட்டில் பிரிவு அட்டவணை இல்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாமா என்று ஒவ்வொரு திரையும் கேட்டது. நான் சோதித்தது ஏற்கனவே லினக்ஸ் ஏறியிருந்த வட்டு. அதில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. புது வட்டு என்றால், கேட்காமலே அழித்துத் தொடங்கச் சொல்லும் ‘ஜீரோஎம்பிஆர்’ என்ற ஒரு சொல் கோப்பில் இருந்திருக்க வேண்டும்.

அதைச் சேர்த்து மறுபடி தொடங்கியிருக்கலாம். அவசரத்தில் முப்பது திரைகளிலும் ‘யெஸ்’ கொடுத்தேன். பிறகு எல்லாம் ஒழுங்காக முடிந்தன.

திங்கட்கிழமை சேச்சி கேட்டார்: "எல்லாம் தன்னால முடிஞ்சுதா?"

"தன்னாலயே முடிஞ்சுது" என்றேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. கோப்பைத் திருத்தவும் மறந்துபோனேன்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. இன்னும் பத்துக் கணினிகள், ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து மணிக்குச் சேச்சியின் மகளுக்கு முதல் மேடை நடனம். மதியமே கோப்பை ஓடவிட்டுவிட்டு அவர் வேறு வேலையில் இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை, "மோளோட டான்ஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நான் காணலை" என்றார். "புறப்படப் போறப்ப பார்த்தா பத்தும் ஒரே கேள்வியில நிக்குது. யெஸ் அமுக்கினேன். பின்னையும் எங்கயாச்சும் நிக்குமோன்னு பயந்து, தீர்ற வரைக்கும் உட்கார்ந்துட்டேன். அன்னைக்கு உனக்கும் நின்னுச்சா?"

"நின்னுச்சு சேச்சி."

அவர் குரலை உயர்த்தவில்லை. கோப்பைத் திறந்து காட்டினார். விட்டுப்போன அந்தச் சொல்லை அவரே தேடிக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்.

"ஒரு சொல்லுதானே? அன்னைக்கே சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன்" என்றார். "மேடையில நின்னு கூட்டத்துல என்னைத் தேடினாளாம்."