நான் கேட்ட தீட்டு

சரோஜா அத்தை, நீங்கள் பொய் சொன்னீர்கள். கோயில் முற்றத்தில், அத்தனை பேர் முன்னால், முருகன் சன்னதியைப் பார்த்து நின்றுகொண்டு பொய் சொன்னீர்கள்.

இதைப் படிக்கிற முருகனடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேண்டுதல் பலித்ததை எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குவார்கள். எனக்கு அப்படி வரவில்லை. எனக்கும் பலித்தது. பலித்த அந்த நிமிடத்திலேயே என்னைக் கோயிலை விட்டு வெளியே அனுப்பினார்கள். அதனால் நன்றியும் கோபமும் ஒன்றாகத்தான் வருகின்றன. பிரித்து எழுத எனக்குத் தெரியாது.

என் பெயர் கோகிலா. மண்ணரையில் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை பார்த்து, நூல் பிசிர் வெட்ட வேண்டும். அப்பாவின் அக்காதான் சரோஜா அத்தை. மங்கலத்தில் இருக்கிறார். அங்கே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து வேன் வண்டியில் ஆற்றுத் தீர்த்தம் வரும். அதை ஏழு கல்யாணமாகாத பெண்கள் குடத்தில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஏழு பேரைப் பிடிப்பது அத்தையின் பொறுப்பு.

நான் பதினான்கு வயதில் வயசுக்கு வந்தேன். சீர் செய்தார்கள். அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்றினார். ஒரு வருடம் ஒழுங்காக வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆனது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து. வந்தால் பதினைந்து நாள் நிற்காது. பஞ்சு பஞ்சாகக் கட்டி விழும். அதுவும் நின்றால் மறுபடி மாதக்கணக்கில் ஒன்றுமில்லை.

அதோடு முடி வந்தது. முதலில் மேலுதட்டில். பிறகு தாடையில். பூனை முடி இல்லை. கறுப்பாக, கம்பி போல, ஆம்பளைக்கு வருவதைப் போல. தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு. தலையிலோ வகிடு அகலமாகிக்கொண்டே போனது. கழுத்துப் பின்னால் கறுத்துத் தடித்தது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தாள். தோல் உரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

கடலை மாவு போட்டேன். மஞ்சள் போட்டேன். நூல் வைத்து இழுத்தேன். கடைசியில் அப்பாவின் ரேசரை எடுத்தேன். தினமும் காலையில் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் சவரம் செய்தேன். ஒரு பெண் சவரம் செய்துவிட்டு, அந்த முகத்துக்கு மேல் பொட்டு வைத்துக்கொண்டு கண்ணாடி பார்ப்பது எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா?

பனியன் கம்பெனியில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் தாடையில் முள் முளைத்துவிடும். பறக்கிற பஞ்சு அதில் வந்து ஒட்டும். மற்றவர்களுக்குத் தலையில்தான் பஞ்சு. எனக்குத் தாடையிலும். எத்தனை முறை துடைத்தாலும் ஒட்டும். அயர்ன் மாஸ்டர் ஒருவர் சத்தமாகச் சொல்வார்: "ஏனுங்க கோகிலா, தாத்தா ஆயிட்டீங்களாட்ட இருக்குதுங்க!" மேஜையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகக் கோபம் வருகிறது.

2005இல் அத்தை என்னை முதல் முறை குடம் எடுக்கக் கூப்பிட்டார். காரணத்தை ஒளிக்கவில்லை. மற்றப் பெண்கள் எல்லாம் நாள் கணக்குச் சொல்லி நழுவுகிறார்களாம். "எங்க கோகிலாவுக்கு அந்தத் தொந்தரவே இல்லை. எந்நேரமும் சுத்தம். சாமிக்குன்னே பொறந்த புள்ள" என்று பத்து பேரிடம் பெருமை பேசினார். வீட்டிலும் அப்படித்தான். அம்மா விலக்காக உட்கார்ந்தால் விளக்கேற்ற நான். பக்கத்து வீட்டுப் பூஜைக்கும் நான். ஒரு நோயை எல்லாரும் சேர்ந்து சௌகரியமாக்கிக்கொண்டார்கள்.

2006இல் உத்திரம் முடிந்த மறுவாரம் அம்மா, அத்தையின் மகனுக்கு என்னைக் கேட்டாள். முறைப்படி கேட்க வேண்டியதுதான். நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அத்தை குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"ஏங்கண்ணு, அவளுக்கு மாசமே வர்றதில்லை, தாடி வேற. அவ பொம்பளையா ஆம்பளையான்னே தெரியல. எம் பையனுக்கு வம்சம் வேண்டாமா?"

குடம் தூக்க நான் பெண். மகனுக்குக் கட்டி வைக்க நான் பெண் இல்லை. ஒரே வாய் இரண்டையும் சொன்னது.

அன்றிலிருந்து என் வேண்டுதல் மாறியது. அதுவரை "முருகா, இந்தத் தாடி போகட்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வேறு கேட்டேன். "மற்றவர்களுக்கு வருவதுபோல எனக்கும் மாதம் வரட்டும். அவர்களை ஓரமாக உட்கார வைப்பதுபோல என்னையும் உட்கார வை." சிரிக்காதீர்கள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் பட்டினி கிடந்து இதைத்தான் கேட்டேன்.

2007 மாசியில் கிருத்திகை விரதம் இருந்த மறுநாள், கம்பெனிக் கழிப்பறையில் பஞ்சைத் துடைத்துக்கொண்டே அழுதேன். எங்கள் மேஜையில் வேலை செய்கிற ஜெசி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி, இதுக்கா அழுத? எங்க அக்காளுக்கும் இதேதான். மாசமும் ஒழுங்கா வராது, என்ன? அது சீக்குட்டி. சாபம் இல்ல. வா, டாக்டரம்மாட்ட போவோம்."

ஆறு வருடத்தில் ஒருவர் கூட அதைச் சீக்கு என்று சொன்னதில்லை. நான் முருகனைக் கேட்டேன், சிலுவை போட்டவளை அனுப்பினார். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜெசியோடு போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை நாளா சேவ் பண்றே?" என்றுதான். அருவருப்பே இல்லாமல் கேட்டார். கடைசியாக ஐப்பசியில் வந்தது என்று சொன்னேன். தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் என்று ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேல் ஸ்கேன் பார்த்தார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். மாதா மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர வேண்டும். எனக்கு அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. அப்படி நின்றவை சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்குமிழிகளாக, மாலை கோத்ததுபோல் ஸ்கேனில் தெரிந்தன. கட்டி இல்லை. முட்டை வெளியே வராததால், கர்ப்பப்பைச் சவ்வை உதிர்க்க வேண்டிய ஹார்மோனும் ஊறுவதில்லை. சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. அதனால்தான் வரும்போது கட்டி கட்டியாக வருகிறது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். நீங்கள் சுத்தம் என்று சொன்னது இதைத்தான், அத்தை.

ஆண் ஹார்மோன் எல்லாப் பெண்களின் உடம்பிலும் கொஞ்சம் உண்டாம். எனக்குக் கொஞ்சம் அதிகம். தாடையில் முடி அதனால். தலைமுடி கொட்டுவதும் அதனால். என் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. கழுத்துக் கறுப்பு அதன் அடையாளம். அழுக்கே இல்லை. சவரம் செய்ததால் முடி தடிக்கவும் இல்லை.

"நான் பொண்ணுதானுங்களா?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? ஸ்கேன்ல கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பை எல்லாம் இருக்கு. வராத மாசத்துலயும் நீ பொண்ணுதான்" என்றார். பிள்ளை பிறக்குமா என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் வைத்தியம் தேவைப்படலாம், பெரும்பாலும் பிறக்கும் என்றார்.

முதலில் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் வந்துவிடும் என்றார். கணக்குப் பார்த்தேன். கடைசி மாத்திரைக்கு நான்காம் நாள் பங்குனி உத்திரம்.

அன்றே மங்கலத்துக்குப் போனோம். அம்மா பக்கத்தில் இருக்க, அத்தையிடம் சொன்னேன்: "அத்தை, இந்த வருசம் நான் குடம் எடுக்கலீங்க. மாத்திரை சாப்பிடறேன். உத்திரத்தன்னிக்கு வந்துருமுங்க."

அத்தை சிரித்தார். "உனக்கா? அன்னிக்கேவா? போ கண்ணு. ஆறு பேருதான் தேறியிருக்குது. நீ வராட்டி குடம் குறையும். பேசாம வந்து தூக்கு."

இரண்டாம் முறை போனிலும் சொன்னேன். அதே பதில்.

உத்திரத்தன்று மஞ்சள் சேலை கட்டிக் குடத்தைத் தலையில் வாங்கினேன். காலையிலும் ஒன்றுமில்லை. வேன் வந்து நின்ற பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்தோம். கோயில் வாசல் தாண்டி முற்றத்தில் கால் வைத்தபோது அடிவயிறு பிடித்து இழுத்தது. பிறகு சூடாக இறங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது. நேராகச் சன்னதி தெரிகிறது, வேல் தெரிகிறது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கேட்டேன், கொடுத்துவிட்டார். அவர் வாசலிலேயே கொடுத்துவிட்டார்.

பக்கத்தில் வந்த அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். "அத்தை, வந்துருச்சுங்க." சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கத்தினார். "பாவி! தெரிஞ்சே மறைச்சு வந்துட்டாளே! ஒரு வார்த்தை சொன்னாளா எங்கிட்ட? தீட்டோட சாமி குடத்தைத் தொட்டுட்டாளே!"

குடத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினார்கள். நான் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அம்மா உண்மை தெரிந்தும் நாத்தனாருக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்தேன். என் வாழ்நாளில் நான் மிகவும் கேட்டு வாங்கிய வரத்தை இப்படித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாத்திரையால் வந்தது, சாமி எங்கே வந்தார் என்று சிலர் கேட்கிறார்கள். ஆறு வருடம் ரேசரோடு ஒளிந்திருந்தவளுக்கு வாயைத் திறக்கத் தைரியம் வந்ததே, அது எந்த மருந்துக்கடையில் கிடைக்கும்? நான் இரண்டையும் நம்புகிறேன்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. மாத்திரை தொடர்கிறது. மாதம் தவறாமல் வருகிறது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன், ஏழு கிலோ குறைந்திருக்கிறேன். முடி குறைய ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார் டாக்டரம்மா, அப்படியே ஆனது. முளைக்கிறது, ஆனால் மெல்லியதாக, மெதுவாக. முழுக்கப் போகாது, நோயும் போகாது, அடக்கி வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை. குழாயைத் திறந்துவிடாமல் சவரம் செய்கிறேன். அயர்ன் மாஸ்டர் ஒரு நாள் மறுபடி ஆரம்பித்தார். "ஆமாங்க, இது நோய்ங்க. உங்க ஊட்டுப் பொண்ணுக்கு வந்தாலும் சிரிப்பீங்களா?" என்றேன். அதோடு சரி.

தாடையில் முடியோடும், வராத மாதங்களோடும் ஒளிந்திருக்கிற தங்கைகளே, முருகனிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் இதையே கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து டாக்டரிடம் போங்கள். முருகன் கைவிடமாட்டார்.

இனி அத்தை, உங்களுக்கு. இந்த வருடம் குடம் எடுத்த ஏழு பேரில் ஒருத்தியின் கழுத்தில் அதே கறுப்பைப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன். அவளுக்கும் மூன்று மாதமாகத் தொந்தரவில்லை, சுத்தமான பிள்ளை என்று நீங்கள்தான் பெருமை பேசுகிறீர்கள். அவள் வீட்டுக்கு நான் போனேன். "தீட்டை மறைச்சவ பேச்சை நாங்க கேக்கறதில்லை" என்று கதவைச் சாத்தினார்கள். உங்கள் பொய் இன்னொருத்தியின் கர்ப்பப்பைமேல் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த பங்குனி உத்திரத்தன்று நான் அதே முற்றத்தில் நிற்பேன். அம்மாவும் வருவாள், இந்த முறை தலை குனியமாட்டாள். குடம் தூக்குவதற்கு முன்னால், அதே கூட்டத்தின் முன்னால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நான் உங்களிடம் முன்கூட்டியே சொன்னேனா, இல்லையா? சன்னதியில் நிற்கும் வேலைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.