சாம்பிளுக்குப் படித்த முப்பது விநாடி

குரல் தேடி நான் எழுதிய அறிவிப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. அழித்துவிட்டால் மட்டும் யோக்கியனாகிவிடுவேனா என்ன?

"பெண் குரல் தேவை. மொழி: தமிழ். மலையாளமும் பேசத் தெரிந்தால் நல்லது. நீளம்: முப்பது விநாடி, மொத்தம் மூன்று விளம்பரம். சம்பளம்: ஒன்றுக்கு எழுநூறு ரூபாய், ஒரு திருத்தம் உட்பட. சாம்பிள் கட்டாயம். கீழே உள்ள வரிகளை முழுதாகப் படித்து அனுப்பவும். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யவும். இசை சேர்க்க வேண்டாம். வாய்ஸ் நோட்டாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பவும்."

எவ்வளவு விவரமான ஆள் பாருங்கள் நான்! ஃபேன் சத்தம் வரைக்கும் யோசித்தவன், யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை.

தென்காசியில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். கூடம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவர் நிறைய ஒட்டிய பஞ்சு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, புதிதாகத் திறக்கிற ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஓடவிடுகிற விளம்பரம் இங்கேதான் தயாராகும். சாரல் தொடங்கி அருவியில் கூட்டம் சேர்ந்துவிட்டால் குற்றாலத்துக் கடைக்காரர்கள் வரிசையாக வருவார்கள்.

அந்த வருஷம் வந்தவர் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் மசாஜ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இடத்தைப் பெரிதாக்கியிருந்தார். முதலில் தமிழில் மூன்று விளம்பரம், நன்றாகப் போனால் மலையாளத்திலும் போடலாம் என்றார். வரிகளையும் அவரே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். "வாங்கண்ணே வாங்க, உடம்பு வலியா? கை காலு இழுக்குதா? உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, அருவியில நின்னா அலுப்பு பறந்து போகும், வாங்க!" இப்படிப் போகும்.

சாம்பிளுக்கு விளம்பர வரிகளையே கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். செய்தித்தாளில் நாலு வரி படிக்கச் சொன்னால் போதும், குரல் தெரிந்துவிடும். கொடுத்தாலும் பத்து விநாடிக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆனால் நம்ம ஊர்க் கடைக்காரர்களிடம் செய்தி வாசித்த குரலைப் போட்டுக் காட்டினால், "இதுல எங்கவே எங்கடை பேரு?" என்று கேட்பார்கள். மண்டை காய்ந்துவிடும். அதனால் முழு வரிகளையும் படிக்கச் சொல்லி, நடுநடுவே "சாம்பிள், சாம்பிள்" என்று என் குரலைச் செருகித்தான் அனுப்புவேன். அந்தக் கோப்பை எவனும் ஆட்டோவில் ஓட்ட முடியாது.

பதினோரு பேர் அனுப்பினார்கள். ஒருத்தர் குக்கர் விசிலோடு அனுப்பியிருந்தார். ஒருத்தர் மேடையில் பேசுவதுபோல் முழங்கியிருந்தார். எட்டாவதாக வந்த குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடடா! பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஒரு இடத்திலும் நடிப்பு இல்லை.

அவரே போன் செய்தார். தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க ஸ்கூல்ல வெளிவேல பாக்கணும்னா எழுதி அனுமதி வாங்கணும். இப்ப அனுப்புனது சாம்பிள்தான். தேர்வானா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அனுமதி கேட்டுட்டு, வந்து ஒழுங்காப் பேசித் தாரேன். அதுவரைக்கும் வெளிய போயிரக் கூடாது. எம் மக அங்கனதான் பன்னெண்டாவது படிக்கா. நான் வேலை பாக்குததாலதான் பாதி ஃபீஸு."

"நீங்க பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேம்லா" என்றேன். நான் இருந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

மூன்று சாம்பிளைத் தேர்ந்தெடுத்து, என் "சாம்பிள்" குரலைச் செருகி மசாஜ் கடைக்காரருக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"என்னவே இது, நடுவுல நீரு கெடந்து கத்துதீரு! அந்த ரெண்டாவது பொம்பள கொரலு நல்லாருக்கு. உம்ம சத்தத்த எடுத்துட்டு அனுப்பும். வீட்டுக்காரி கேக்கணும்ங்கா."

அனுப்பக் கூடாது. எனக்குத் தெரியும். "அண்ணாச்சி, இது டீச்சரம்மா குரல், ஸ்கூல்ல இன்னும் அனுமதி வாங்கல, வெளியே விடக் கூடாது" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், "அனுமதியாவது மண்ணாவது" என்று அவர் அடுத்த தெருக் கூடத்துக்குப் போய்விடுவாரோ என்று பயம். அவர் பின்னால் இன்னும் நாலு கடைக்காரர்கள் வருவார்கள் என்ற ஆசை வேறு. வாயை மூடிக்கொண்டு சுத்தமான கோப்பை அனுப்பினேன். அட மடையா, இசை சேர்க்க வேண்டாம், ஃபேனை நிறுத்து என்று சொல்லி வாங்கிய கோப்பல்லவா அது? அப்படியே ஸ்பீக்கரில் போடலாம். பின்னால் ஒரு மேளத்தை ஓடவிட்டால் முடிந்தது வேலை. மேளத்தை அவருடைய மச்சினன் போனிலேயே சேர்த்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலு நாள் அவரிடமிருந்து பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவசரப்படுவதுபோல் தெரியும் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் டீச்சரம்மாதான் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, ஆட்டோவுல என் கொரலு போகுது."

போனை வைத்துவிட்டார்.

மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தூக்கோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், குற்றாலம் ரோட்டில் அந்த ஆட்டோ ஊர்ந்து போயிருக்கிறது. முதல் "வாங்கண்ணே வாங்க"விலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்களாம். தினமும் பாடம் கேட்கிற குரல், அதுகளுக்குத் தெரியாதா? "ஏ, எங்க மிஸ்ஸுலே!" என்று பள்ளிக்கூட வாசலுக்கு ஓடியிருக்கின்றன. அதுகளுக்குச் சந்தோஷம், பாவம். பெரிய வகுப்புப் பையன்களுக்குத்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "கை காலு இழுக்குதா?" என்றிருக்கிறான். கரும்பலகையில் எண்ணெய்ப் பாட்டில் வரைந்திருந்ததாம்.

போன் வந்த உடனேயே நான் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடினேன். சாரலில் நனைந்தபடி கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் கத்தியது அன்றைக்குத்தான். அவருக்கு நிஜமாகவே எதுவும் புரியவில்லை.

"எதுக்குவே சாடுதீரு? அல்வாக் கடையில சாம்பிள் குடுக்கான், ருசி புடிச்சா வாங்குதோம். எனக்குப் புடிச்சிருந்து, எடுத்துக்கிட்டேன். துட்டு தர மாட்டேன்னு சொன்னேனா?" என்று கல்லாவிலிருந்து எழுநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "அவுகளுக்கு இஷ்டம் இல்லன்னு நீரு சொல்லலையே?"

ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். சாரல் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, நல்ல கூட்டம் வருகிறது, ஆட்டோவுக்கு மொத்தமாக முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றார். பணத்தை வாங்காமல் வந்தேன். வாங்காமல் வந்ததில் எனக்கு என்ன பெருமை? ஆட்டோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். தாளாளர் மரியாதையாக உட்கார வைத்தார். நடந்ததெல்லாம் என் தப்பு, அந்த அம்மா அனுமதி கேட்கத்தான் இருந்தார் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது நிஜமாவே இருக்கட்டும் சார். பெத்தவங்க வந்து கேக்காங்க, மசாஜ் கடைக்குக் கூப்பிடுத டீச்சர்தான் உங்க ஸ்கூல்ல பாடம் நடத்துதாங்களான்னு. வீடு வீடாப் போய் நான் விளக்கம் சொல்லவா?"

டீச்சரம்மாவிடம் ராஜினாமா என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மகள் வருஷம் முடியும்வரை படிக்கலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார்களாம், ஆனால் முழு ஃபீஸ். அந்தப் பிள்ளை தன் அம்மாவைக் கிண்டல் செய்த பையன்களோடு உட்கார்ந்துதான் பரீட்சை எழுதப்போகிறது.

இரண்டு வாரம் கழித்து டீச்சரம்மா என் கூடத்துக்கு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக முகத்தைப் பார்க்கிறேன். திட்டுவார், திட்டட்டும் என்று தயாராக இருந்தேன். குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்.

"அம்மா, இனிமே இங்க வாற விளம்பரம் எல்லாத்துக்கும் நீங்கதான் பேசணும். நிரந்தரமா. இப்பக்கூட ஒரு ஜவுளிக்கடை வேலை இருக்கு" என்றேன்.

"என்ன மொழி?"

"தமிழ்தாம்மா."

"எவ்வளவு நேரம்?"

"இருபது விநாடி. ஆயிரம் தாரேன்."

"சாம்பிள் அனுப்பணுமா?"

"ஐயோ, வேண்டாம்மா."

"அதுவும் சரிதான். ஊருக்கே அனுப்பியாச்சுல்லா" என்றார். சிரிக்கவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "கடைக்காரர்கிட்ட நான் சொல்லியிருக்கணும். வேலை போயிருமோன்னு பயந்து சொல்லலம்மா" என்றேன். அதுதான் உண்மை, அதையாவது அவரிடம் சொன்னேன்.

"என் வேலை போயிருமேன்னு நானுந்தான் உங்ககிட்ட சொன்னேன்" என்றார் அவர். "நாலு நாளா உங்ககிட்டருந்து போனே இல்ல. சரி, நம்ம கொரலு தேர்வாகல போலன்னு நெனச்சுக்கிட்டேன். வருத்தமாக்கூட இருந்துச்சு."

அப்போது பார்த்து, தெருவில் அந்த ஆட்டோ வந்தது. சுவரில் ஒட்டிய பஞ்சு எதையும் தடுக்கவில்லை. "வாங்கண்ணே வாங்க, உடம்பு வலியா?" நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். முழுதும் கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது டீச்சர்கள் தலையைச் சாய்த்துக் கேட்பார்களே, அப்படி. நானும் என் குற்றத்தை முப்பது விநாடியும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ திருப்பத்தில் மறைந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜவுளிக்கடை வேலைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. கதவருகே நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தக் கடைசி 'வாங்க' சரியா விழல அண்ணாச்சி. மூச்சு பத்தாம வேகமாப் போயிருச்சு. சாம்பிள்தானேன்னு ஒரே தடவைதான் படிச்சேன்."