நீடிக்கப்படாத திகதி

தலைப்புப் போடுவதில் எனக்கு அப்போது பெரிய திமிர் இருந்தது. கல்முனையில் நான் வேலைபார்த்த புத்தகக் கடையின் பின்னறையில் ஒரு தட்டச்சு யந்திரமும் பிரதியெடுக்கும் ரோனியோ மெஷினும் இருந்தன. வெள்ளிக்கிழமை கொழும்பில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகை எங்கள் கைக்கு வர நாலு நாளும் எடுக்கும், பத்து நாளும் எடுக்கும். யுத்தக் காலம்; பாதை திறந்திருப்பதைப் பொறுத்தது. அதில் வரும் அரசாங்கப் பரீட்சை அறிவித்தலை ஒரே பக்கத்தில் விளங்கும்படி எழுதுவது என் வேலை. மேலே தலைப்பு, அதன் கீழே யாருக்கு, எந்தத் திகதிவரை என்று இரண்டு வரிச் சுருக்கம், பிறகு விபரம்.

அந்தத் தாள் பஸ்ஸில் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பாலமுனைக்கும் போகும். அங்குள்ள கடைக்காரர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பலகையில் சோக்கால் எழுதிவிடுவார்கள். விபரத்தை வாசிக்கக் கடைக்குள்ளே வரவேண்டும். பலர் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். பின்னால் சொல்லப்போகும் தலைப்பையும் தெரிந்துதான் போட்டேன்.

ஒரு மாதம், கிளார்க் வேலைக்கான எழுதுவினைஞர் பரீட்சைக்குத் திருத்தம் ஒன்று வந்தது. இரண்டு பரீட்சைகள் அறிவித்திருந்தார்கள். ஒன்று எல்லோருக்கும் திறந்தது. மற்றது ஏற்கனவே அரசாங்கத்தில் இருக்கும் பியோன் போன்ற சிற்றூழியர்களுக்கு மட்டும். இந்த இரண்டாவதற்குத்தான் விண்ணப்ப முடிவுத் திகதியை நீடித்திருந்தார்கள். நான் அதை முழுதாக எழுதினேன். தலைப்பு இரண்டு வரிக்கு ஓடியது.

"ஒரு வரியில நிக்கணும் தம்பி. நீளமா எழுதினா ஆரு வாசிக்கிற?" என்றார் முதலாளி.

நான் சிரித்துக்கொண்டே வெட்டினேன். 'எழுதுவினைஞர் பரீட்சை: முடிவுத் திகதி நீடிப்பு.' சுருக்கத்தில் புதிய திகதி. சிற்றூழியர் விஷயம் விபரத்தின் நாலாவது பந்தியில் பத்திரமாக இருந்தது. ஒரு சொல்லும் பொய்யில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒரு கந்தோர்ப் பியோன் வந்து, "இது எங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவன் என் தலைப்பைப் பார்த்தேன். சிற்றூழியர் என்ற சொல்லே அதில் இல்லை. திறந்த பரீட்சைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. விண்ணப்பம் அந்தத் திகதிக்குள் கொழும்பில் போய்க் கிடைக்கவேண்டும். இங்கே தபாலில் சேர்த்தால் போதாது.

உடனே புதிய ஸ்டென்சில் வெட்டினேன். அரை மணித்தியாலத்தில் திருத்திய தாள்கள் கட்டாகிவிட்டன. ஆனால் பஸ் வரவில்லை. தெற்கே எங்கேயோ வெடித்ததாம், அக்கரைப்பற்றுப் பாதையை மூடிவிட்டார்களாம். மறுநாளும் மூடியிருந்தது. அதற்கடுத்த நாட்களும். சந்தியில் கடைகள் அரைக்கதவோடு இருந்தன. எங்கள் கடைப் பலகையை நான் அழித்து எழுதிவிட்டேன். மற்றப் பலகைகளில் என் பழைய வரி அப்படியே கிடந்தது. அதை யார் யார் வாசித்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று எண்ணிக்கொண்டே சந்திக்கும் கடைக்கும் நடந்தேன்.

பாதை திறந்தபோது திறந்த பரீட்சையின் திகதி முந்திய நாளோடு முடிந்திருந்தது. முதல் பஸ்ஸில் பாலமுனையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். முப்பதை எட்டும் வயது, நான் காக்கா என்று அழைக்கும் அண்ணன் வயது; கரைவலைத் தோணியில் வேலை. கையில் பெரிய கடித உறை. திறந்த பரீட்சைக்கான விண்ணப்பம்.

"தம்பி, ஒருக்காப் பாத்துத் தாங்க. போன கிழமயே எழுதி முடிச்சிட்டன். ஒரு இடத்தில எழுத்துப் பிழைச்சு வெட்டுப் பட்டிட்டு. அப்பதான் உங்கட அறிவித்தலப் பலகையில கண்ட. நாள் கிடக்குத்தானே எண்டு திரும்ப வடிவா எழுதினன்."

எழுத்து அச்சுப்போல இருந்தது. பிறந்த திகதியில் என் கண் நின்றது.

"ஓம், இதுதான் கடைசி" என்றார் அவர். "அடுத்தமுறை வயசு கூடிரும். மகளுக்கு உம்மாக்காரி இப்பயே சொல்லிட்டாள், வாப்பா இனிக் கடலுக்குப் போகமாட்டார் எண்டு."

திருத்திய தாள்களின் கட்டு என் முழங்கையோரம் இருந்தது. மேல் தாளை எடுத்து அவரிடம் நீட்டினால் போதும். முதலாளி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் கேட்டிருக்கும்.

"பிழை ஏதும் கிடக்கா தம்பி?"

"படிவத்தில ஒரு பிழையும் இல்ல காக்கா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால் கந்தோர் பூட்டமுதல் பதிவுத் தபாலில் போடவேண்டும் என்று வேகமாக இறங்கி நடந்தார். நான் கூப்பிடவில்லை.